எட்டு மாதம் கழித்துக் கேட்ட சம்மதம்

கேள்வி: எனக்கு 33 வயது. பெங்களூரில் ஐ.டி. வேலை. கல்யாணமாகி ஏழு வருஷம், ஐந்து வயதில் ஒரு மகள். போன மாதம் என் கணவர், "நான் பாலிஅமோரி. உன்னையும் நேசிக்கிறேன், ஆபீஸில் இன்னொருத்தியையும் நேசிக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேனே, இது எப்படித் துரோகமாகும்?" என்றார். துருவிக் கேட்டதில் அது எட்டு மாதமாக நடக்கிறது என்று தெரிந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எனக்குக் குறுகிய மனசு என்கிறார். நிஜமாகவே இப்படி ஒரு வாழ்க்கைமுறை இருக்கிறதா? இல்லை, துரோகத்துக்கு வைத்த புதுப் பெயரா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்படியொரு வாழ்க்கைமுறை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் எட்டு மாதமாக நடந்தது அது இல்லை. போன மாதம் உங்கள் கணவர் சொன்னது ஒரு வேண்டுகோள். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கு முன் நடந்தது, உங்கள் இருவருக்கும் இருந்த உடன்பாட்டை உங்களுக்குத் தெரியாமல் மீறியது. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஏற்றுக்கொள்கிறாயா இல்லையா என்று உங்கள் முன் வைத்துவிட்டார். மூட்டையைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு காதல் உறவு வைத்துக்கொள்வது, அது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் இசைந்து நடப்பது: இதைத்தான் பாலிஅமோரி என்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்த சொல். காதல் தம்பதிக்குள் மட்டும், உடலுறவுக்கு வெளியாட்கள் உண்டு என்று பேசிவைத்துக்கொள்வது ஓப்பன் ரிலேஷன்ஷிப். தம்பதியாகச் சேர்ந்தே மற்ற தம்பதிகளோடு பழகுவது ஸ்விங்கிங். பலதார மணம் இவற்றிலிருந்து வேறுபட்டது; அது திருமணத்தைப் பற்றியது, பெரும்பாலும் ஆணுக்கு மட்டுமே கிடைத்த உரிமை. வடிவங்கள் பல இருந்தாலும், தெரிந்து இசைவது என்ற அடித்தளத்தை எடுத்துவிட்டால் முதல் மூன்றும் அந்தப் பெயருக்கு உரியவை அல்ல.

"தெரிந்து" என்பதும் "இசைந்து" என்பதும் இரண்டு தனி நிபந்தனைகள். நம் ஊருக்கு இது புரியாத விஷயமில்லை. சின்ன வீடு என்ற ஏற்பாட்டை எத்தனை குடும்பங்கள் பார்த்திருக்கின்றன! ஊருக்கே தெரியும், மனைவிக்கும் தெரியும். தீபாவளிக்கு எந்த வீட்டுக்கு முதலில் போவார் என்பதுகூடத் தெரியும். ஆனால் அந்த மனைவியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போக ஓரிடம் இருந்ததில்லை. அவரும் அதேபோல் இன்னொருவரை நேசிக்கலாமா என்ற கேள்வியே எழுந்ததில்லை. தெரிந்துகொண்டு சகிப்பதைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்வது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. உங்கள் கணவர் "மறைக்காமல் சொல்கிறேனே" என்று வாதாடும்போது அவரும் அந்தப் பழைய கணக்கையே போடுகிறார்.

சம்மதம் என்று சொல்லத்தக்க ஒன்றை எப்படி அடையாளம் காண்பது? அது செயலுக்கு முன்னால் கேட்கப்பட்டிருக்க வேண்டும். எதற்குச் சம்மதிக்கிறோம் என்ற முழு விவரமும் கையில் இருக்க வேண்டும். மறுத்தால் தண்டனை இருக்கக் கூடாது. திட்டும் பட்டப்பெயரும் முகம் கொடுக்காமல் இருப்பதும் தண்டனைதான். கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறவும் முடிய வேண்டும். உங்கள் விஷயத்தில் கேள்வி எட்டு மாதம் பிந்தி வந்தது. விவரம் நீங்கள் துருவிய பிறகு வந்தது. மறுப்புக்குக் "குறுகிய மனசு" என்ற விலை முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. அவர் மனதில் இருவர் மேலும் அன்பு இருப்பது உண்மையாகவே இருக்கலாம், அதை நான் சந்தேகிக்கவில்லை. உணர்வு உண்மையாக இருப்பதால் நடத்தை நேர்மையாகிவிடாது.

ஆட்களின் எண்ணிக்கையை வைத்துத் துரோகத்தை அளக்க முடியாது என்பதற்கு நல்ல சான்று, பாலிஅமோரியில் வாழ்பவர்களுக்குள்ளும் துரோகம் நடக்கிறது என்பதுதான். ஆணுறை இல்லாமல் யாரோடும் உறவு கூடாது என்று மூவர் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் ஒரு நாள் அதை மீறிவிட்டு, அடுத்த சந்திப்புக்கு முன் சொல்லவில்லை. அவருக்கு இரண்டு துணைகள் இருப்பது அங்கே ஒரு பிரச்சினையே இல்லை. சொல்லாமல் விட்டதுதான் துரோகம். நேர்மைக்கு நடைமுறையில் உதவும் ஓர் அளவுகோல் இது: எதிரில் இருப்பவர் தன் முடிவை மாற்றிக்கொள்ளக்கூடிய தகவலை, அவர் முடிவெடுக்கும் முன்பே சொல்லிவிடுவது. எட்டு மாதமும் நீங்கள் சில முடிவுகளை எடுத்துக்கொண்டுதான் இருந்தீர்கள்: அவரோடு படுக்கையைப் பகிர்வது, சேர்ந்து கடன் வாங்குவது, லீவுக்கு ஊருக்குப் போவது. அவை எல்லாம் அரைகுறைத் தகவலில் எடுக்க வைக்கப்பட்ட முடிவுகள். உங்களுக்கு வலிப்பதில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி செய்ய வேண்டியவை. உறவைப் பற்றிய முடிவு காத்திருக்கட்டும், மருத்துவப் பரிசோதனை காத்திருக்கக் கூடாது. இருவரும் செய்துகொள்ளுங்கள். லேப்பில் "எல்லா டெஸ்ட்டும்" என்று கேட்டால் பெரும்பாலும் ரத்தம் மட்டும் எடுப்பார்கள். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சி ஆகியவை ரத்தத்தில் தெரியும். கொனோரியாவும் கிளமிடியாவும் சிறுநீரிலோ, பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியிலோதான் தெரியும். பெண்களுக்கு இவை பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே இருந்து கருக்குழாயைக் கெடுக்கும் என்பதால் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆய்வகத்தில் செய்யும் இப்போதைய எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை, தொற்று ஏற்பட்டு 45 நாளுக்குள் காட்டிவிடும். விரலில் குத்திச் செய்யும் சில துரிதப் பரிசோதனைகளுக்கு 90 நாள் வரை ஆகலாம். அதனால் இப்போது ஒரு முறை, அந்த உறவில் கடைசித் தொடர்புக்கு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். 1097 என்ற எண்ணில் ரகசியமாக விவரம் கேட்கலாம். இரண்டாம் முடிவு வரும்வரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம். அதற்கு அவர் முகம் சுளித்தால் அதையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நடந்ததை ஒரே அமர்வில் கேட்டு முடிப்பது. தினம் ஒரு துண்டாக உண்மை வெளிவருவது ஒரே நாளில் முழுவதும் தெரிவதைவிட அதிகம் சேதப்படுத்தும், ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் முந்தைய சமாதானத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. எப்போது தொடங்கியது, உடலுறவு உண்டா, பாதுகாப்பு இருந்ததா, பணம் எவ்வளவு போனது, யாருக்கெல்லாம் தெரியும், அவளுக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்: இவற்றைக் கேளுங்கள். படுக்கையில் என்ன நடந்தது, அவள் உங்களைவிட அழகா என்ற கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பதில்கள் எந்த முடிவுக்கும் உதவாது, ஆனால் மனதில் படமாகத் தங்கிவிடும்.

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு கேள்வி அவசியம். அவளுக்கு என்ன சொல்லப்பட்டிருக்கிறது? "என் மனைவிக்குத் தெரியும், அவளுக்குச் சம்மதம்" என்று சொல்லியிருந்தால் ஏமாற்றப்பட்டவர்கள் இருவர். அவள் உங்கள் கணவருக்குக் கீழே வேலை செய்பவளாக இருந்தால் அவளுடைய சம்மதமும் கேள்விக்குரியதே. அப்ரைசல் எழுதும் கையை மறுப்பது எளிதல்ல. மூன்றாவது ஆளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வீட்டுக்குள் இருவருக்கும் வசதியாகத் தெரியும். ஆனால் உங்களோடு உடன்பாடு செய்துகொண்டவர் உங்கள் கணவர்தான்.

இப்போது அவருடைய வேண்டுகோளுக்கு வருவோம். இசைந்து, வெளிப்படையாக இப்படி வாழும் தம்பதிகளின் மனநிறைவு, ஒருவனுக்கு ஒருத்தி என்று வாழ்பவர்களுடையதைவிடக் குறைவாக இல்லை என்றே மேலைநாட்டு ஆய்வுகள் பல காட்டுகின்றன. இதை உங்கள் கணவர் எடுத்துக்காட்டக்கூடும், அது தவறான தகவலும் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் இருபக்கமும் விரும்பித் தேர்ந்தெடுத்துக்கொண்டவர்கள். நெருக்கடியில் தலையாட்டிய ஒருவரைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. அப்படித் தலையாட்டியவர்களிடம் சில அறிகுறிகளைப் பார்க்கலாம்: துணை போனை எடுக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைவது, தூக்கம் கெடுவது, "நான் மாறினால் சரியாகிவிடும்" என்று தன்னையே திருத்திக்கொண்டிருப்பது. பொறாமை எல்லோருக்கும் வரும், பாலிஅமோரியில் பல ஆண்டுகள் வாழ்பவர்களுக்கும் வரும். அவர்களுக்கு அது வந்து, பேசியதும் தணிகிறது. விருப்பமில்லாதவருக்குப் பேசப் பேசக் கூடுகிறது. இந்த வித்தியாசத்தை மூன்று மாதத்தில் உங்களால் உணர முடியும்.

இன்னொன்று, புதுக் காதலின் மயக்கம். சில மாதங்கள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுவரை நீடிக்கும் அந்தக் காலத்தில் வீடு மாறுவது, குழந்தைக்கு அறிமுகப்படுத்துவது போன்ற பெரிய முடிவுகள் வேண்டாம் என்று அந்த வாழ்க்கைமுறையில் அனுபவப்பட்டவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். எட்டாவது மாதம் என்றால் உங்கள் கணவர் அதன் நடுவில் நிற்கிறார்.

பேச்சு கொள்கை அளவிலேயே சுற்றினால் அவர் ஜெயிப்பார், ஏனென்றால் "அன்புக்கு அளவில்லை" என்ற வாக்கியத்தை மறுப்பது கடினம். நேரத்துக்கு அளவு உண்டு. ஒரு காகிதத்தை எடுத்து வாரத்தைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, மகள் ஒன்பதரைக்குத் தூங்கி, நீங்கள் பதினொன்றுக்குத் தூங்கினால், வார நாட்களில் இருவருக்கென்று கிடைப்பது தினம் ஒன்றரை மணி, ஐந்து நாளுக்கு ஏழரை மணி. சனி ஞாயிறில் ஆறு மணி சேர்த்தால் பதிமூன்றரை. அவர் ஒரு வார நாள் மாலையும் சனிக்கிழமை பிற்பகலும் அங்கே போனால், இதில் நாலரை மணி குறையும், அதாவது மூன்றில் ஒரு பங்கு. அதே நேரத்தில் மகளுக்குச் சோறூட்டி, பாடம் பார்த்து, தூங்க வைக்கும் ஏறக்குறைய ஆறு மணி நேர வேலை உங்கள் தலையில் வந்து விழும். அப்படியானால் வாரம் ஆறு மணி நேரம் அவர் மகளைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் வெளியே போக வேண்டும். அந்த நேரத்தில் இன்னொருவரைச் சந்திப்பதோ நூலகத்தில் உட்காருவதோ உங்கள் விருப்பம். பணத்துக்கும் இதே கணக்குதான்: ஹோட்டல், பெட்ரோல், பரிசு எல்லாம் எந்தக் கணக்கிலிருந்து போகும்? நீங்கள் இன்னொருவரோடு பழகினால் அவருக்குச் சம்மதமா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். "நீ அப்படிப்பட்டவள் இல்லையே" என்று பதில் வந்தால் அவர் கேட்பது பாலிஅமோரி அல்ல, தனக்கு மட்டும் ஒரு சலுகை.

இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், வாட்ஸாப்பில் "சரி" என்று ஒரு வார்த்தை அனுப்புவதற்கும் முன், ஒரு குடும்ப வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. திருமணத்துக்கு வெளியேயான உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 497ஐ உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. அந்தப் பழைய பிரிவில், ஒரு மனைவியோடு இன்னொருவன் பழகுவதற்கு அவள் கணவன் சம்மதித்துவிட்டால் குற்றமே இல்லை. கணவன் வெளியே பழகினால் மனைவியால் புகார் கொடுக்க முடியாது. அங்கே மதிப்புப் பெற்ற ஒரே சம்மதம் கணவனுடையது. அந்தப் பிரிவு போய்விட்டது, தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது இல்லை. ஆனால் திருமணத்துக்கு வெளியேயான உறவு இன்றும் விவாகரத்துக்கு ஒரு காரணம். நீங்கள் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் மணந்திருந்தால், பிரிவு 13 அந்த வாய்ப்பைத் தருகிறது. பிரிவு 23 ஒரு நிபந்தனையும் போடுகிறது. மனு போடுபவர் அந்த உறவுக்கு உடந்தையாகவோ, அதை மன்னித்து ஏற்றவராகவோ இருக்கக் கூடாது. இன்று எழுதிக் கொடுக்கும் சம்மதம் நாளை உங்களுக்கு எதிராகவே காட்டப்படலாம். தெரிந்த பிறகும் வழக்கம்போல் இல்லறம் நடத்தியதைக்கூட மன்னிப்பு என்று வாதிடுவார்கள்.

பெண் பக்கம் ஆபத்து இன்னும் கூடுதல். நீங்களும் அவர் சம்மதத்தோடு ஒருவரோடு பழகி, பின்னால் உறவு முறிந்தால், "வேறொருவரோடு தகாத உறவில் வாழ்கிறாள்" என்று சொல்லி ஜீவனாம்சத்தை எதிர்க்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. உங்களுக்குள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தைக் கோர்ட் உங்கள் கேடயமாக ஏற்கும் என்று நம்பிவிடாதீர்கள். அவர் அந்தப் பெண்ணைத் திருமணமே செய்துகொண்டால், உங்கள் சம்மதம் இருந்தாலும் அது செல்லாது; பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 82ன்படி ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சோமர்வில் என்ற அமெரிக்க நகரம் 2020ல் இருவருக்கு மேற்பட்டவர்களின் இணைவாழ்வைப் பதிவு செய்ய வழி செய்தது. இங்கே அப்படி எதுவும் கிடையாது.

முதல் பேச்சை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். மகள் தூங்கிய பிறகு ஆரம்பிக்காதீர்கள், களைப்பில் சண்டையாகிவிடும். ஒரு ஞாயிறு காலை அவளைத் தோழி வீட்டிலோ பாட்டியிடமோ விட்டுவிட்டு, "நீங்க கேட்டதுக்கு இப்போ பதில் சொல்லப் போறதில்ல. எட்டு மாசமா நடந்ததை முதல்ல முடிப்போம். மூணு மாசம் அந்த உறவை நிறுத்தி வையுங்க, ஏன்னு அவகிட்டயும் சொல்லுங்க. அதுக்கப்புறம் நீங்க கேக்கறதை நான் நிதானமா யோசிக்கிறேன். யோசிச்சு வேண்டாம்னு சொல்றதுக்கும் எனக்கு உரிமை இருக்கு" என்று சொல்லலாம். மூன்று மாதம் என்பது இரண்டாம் பரிசோதனைக்கும் பொருந்தும், இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்க்கும் ஓர் ஆலோசகரிடம் ஆறேழு அமர்வு போய்வரவும் போதும். ஆலோசகரை நீங்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுங்கள். முதல் அமர்விலேயே "குழந்தைக்காக அனுசரித்துப் போங்கள்" என்றோ, "இதெல்லாம் இப்போது சகஜம்" என்றோ சொல்பவர் உங்கள் இருவருக்கும் பயன்பட மாட்டார்.

நிறுத்தி வைக்கச் சொல்வது அந்தப் பெண்ணுக்கும் வலிதான், அதை மறைக்க வேண்டாம். ஆனால் சரியான சம்மதத்தின் மேல் எதையாவது கட்ட வேண்டுமென்றால், சம்மதமில்லாமல் எழுப்பியதை முதலில் நிறுத்தித்தானே ஆக வேண்டும். உங்கள் கணவர் நிறுத்தினால், யோசிக்க உங்களுக்கு உண்மையான இடம் கிடைக்கும். அதன்பின் நீங்கள் வேண்டாம் என்று சொன்னால், இருப்பதா போவதா என்பதை அவர் நேர்மையாக முடிவு செய்யலாம். ஒருவரோடு மட்டும் வாழ விரும்புவதும் பலரோடு வாழ விரும்புவதும் இரண்டு விருப்பங்கள். இதில் எதுவும் பரந்த மனசுக்கோ குறுகிய மனசுக்கோ சான்று அல்ல. ஒத்துப்போகாத இருவர் மரியாதையாகப் பிரிவதும் நடக்கிறது.

நிறுத்த மறுத்தாலோ, ரகசியமாகத் தொடர்ந்தாலோ, அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொண்டு வழக்கறிஞரோடு பேசுங்கள். வீட்டுச் செலவுப் பணத்தை நிறுத்துவது, மகளைப் பிரித்துவிடுவேன் என்று மிரட்டுவது, கை ஓங்குவது என்று போனால் அது குடும்ப வன்முறை. 181ஐ அழையுங்கள், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். இரவில் மனம் தாங்க முடியாமல் போனால் 14416ல் தமிழிலும் பேசலாம். சம்பளம் போய்ச்சேரும் வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறதா, மகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் கல்யாணப் பதிவுச் சான்றிதழும் எங்கே இருக்கின்றன என்பதை இந்த வாரமே பார்த்து வையுங்கள்.